உடல்நல அடையாள எண்ணும் கைப்பேசி எண்ணும்: திருப்பூர்ப் புலம்பெயர் தொழிலாளரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் உடல்நல எண் வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தது. புதுச்சேரி உள்ளிட்ட 6 ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டம் நடந்தது. 2021 செப்டம்பர் 27 முதல், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் என்ற பெயரில் தேசிய சுகாதார ஆணையம் அதை நாடு முழுவதும் நடத்தி வருகிறது. இத்திட்டத்தின் ஆபா எண் 14 இலக்கங்கள் கொண்டது. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் உரியது. ஆனால் மருத்துவமனையின் பதிவு மேசையில் ஒருவரை அவர்தான் என்று உறுதிசெய்யும் வேலையைப் பெரும்பாலும் கைப்பேசி எண்ணே செய்கிறது. தொழிலாளர்கள் ஊரும் கம்பெனியும் சிம்மும் மாறிக்கொண்டே இருக்கும் திருப்பூரில் இந்த ஏற்பாடு சிகிச்சையின் தொடர்ச்சியை அறுக்கிறது, நோயாளியின் அந்தரங்கத்தையும் பிறர் கையில் கொடுக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. பதிவேடு எப்படி இணைகிறது

ஆபா எண்ணைப் பெற்றதும் நம் மருத்துவக் குறிப்புகள் யாவும் தில்லியில் ஓரிடத்தில் சேர்ந்துவிடுகின்றன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. பரிசோதனை முடிவும் மருந்துச் சீட்டும் அவை உருவான மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கின்றன. எந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்ற இணைப்பை மட்டுமே இத்திட்டம் உருவாக்குகிறது. நோயாளி ஒப்புதல் தந்தால் குறிப்பு ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது.

இந்த இணைப்பு இரண்டு வழிகளில் நடக்கலாம். முதலாவதில், சிகிச்சை நடக்கும்போதே மருத்துவமனை நோயாளியின் ஆபா எண்ணைச் சரிபார்த்து, அன்றைய குறிப்பை அதனுடன் சேர்த்துவிடுகிறது. இரண்டாவதில், நோயாளி பின்னொரு நாளில் செயலியைத் திறந்து பழைய குறிப்பைத் தேடுகிறார். அப்போது மருத்துவமனையின் கணினி கைப்பேசி எண், பெயர், பாலினம், பிறந்த ஆண்டு ஆகியவற்றை ஒப்பிடுகிறது. ஆபா எண் முன்பே பதிவாகியிருந்தால் அதையும் பார்க்கிறது. பொருத்தம் கிடைத்ததும், மருத்துவமனைப் பதிவில் உள்ள கைப்பேசிக்கு ஓடிபி அனுப்புவது வழக்கம். அந்த ஓடிபியை உள்ளிட்டால்தான் இணைப்பு முடியும். இந்தக் கடைசிப் படியில் நோயாளியின் அடையாளம், அவர் முன்பு கொடுத்த கைப்பேசி எண் இன்னும் அவரிடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

2. ஒரு மாதிரி நேர்வு

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நேர்வை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியின் விடுதியில் தங்கி, பவர் டேபிளில் வேலை செய்யும் 22 வயதுப் பெண் ஒருவர். இரண்டு வாரங்களுக்கு மேலாக இருமல். அரசு மருத்துவமனைக்குப் போகிறார். அவருடைய ஆதாரில் உள்ளது ஊரில் இருக்கும் தந்தையின் கைப்பேசி எண். ஆபா எண் உருவாக்க அங்கே வரும் ஓடிபியை வேலை நேரத்தில் கேட்டு வாங்க முடிவதில்லை. வரிசை நீள்கிறது. உடன் வந்த மேஸ்திரி தன் எண்ணைச் சொல்கிறார். மேசையில் இருப்பவர் அதைப் பதிகிறார். காசநோய் என்று உறுதியாகி மருந்து தொடங்குகிறது.

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் தீவிரக் கட்டம், அடுத்த 4 மாதம் தொடர் கட்டம். மூன்றாம் மாதத்தில் அவர் ஊர் திரும்புகிறார் என்று கொள்வோம். அங்குள்ள மருத்துவர் திருப்பூரில் எடுத்த சளிப் பரிசோதனை முடிவைப் பார்க்க விரும்புகிறார். இப்போது தன் சொந்தக் கைப்பேசியில் ஆபா கணக்கு தொடங்கித் தேடினால், எண் பொருந்தாததால் திரையில் எந்தப் பதிவும் வராது. மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்துத் தேடினால் ஓடிபி மேஸ்திரிக்குப் போகும்.

காசநோய்க்கென்று தனியாக உள்ள நிக்‌ஷய் பதிவில் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றும் வசதி இருப்பதால் மருந்து தொடரக்கூடும். ஆனால் இரத்தச் சோகைக்குச் சிகிச்சை பெற்றிருந்தால், அந்தக் குறிப்புகளுக்கு ஆபா இணைப்பே வழி. அந்த வழி இங்கே அடைபட்டுவிட்டது.

3. கைப்பேசி எண்ணின் ஆயுள்

ஒரு முன்கட்டண சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டு, கணக்கில் 20 ரூபாய்க்கும் குறைவாக இருந்தால் நிறுவனம் அதை முடக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. முடக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாளுக்கு வேறொருவருக்குத் தரக்கூடாது என்பதும் நடைமுறை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இது எடுத்துரைக்கப்பட்டது. இரண்டையும் கூட்டினால் 180 நாள். அதாவது, சிகிச்சை தொடங்கிய அன்று கைவிட்ட எண், 6 மாதச் சிகிச்சை முடியும் வேளையில் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும் வாய்ப்பு உண்டு. வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் ஆவணத்துக்கு இத்தனை குறுகிய ஆயுள் கொண்ட திறவுகோல் பொருந்தாது.

4. ஒரே எண்ணில் பலர்

ஒரு கைப்பேசி எண் ஒரு மனிதருக்கு மட்டும் உரியது என்ற எடுகோளும் நிற்காது. கோவின் தளமே ஒரு எண்ணில் முதலில் 4 பேரையும், 2022 சனவரியிலிருந்து 6 பேரையும் பதிய இடம் கொடுத்தது. இந்தியக் குடும்பங்களின் நிலைக்கு அது பொருத்தமான முடிவுதான். அதன் மறுபக்கம் 2023 சூனில் வெளிப்பட்டது. கைப்பேசி எண்ணை உள்ளிட்டால் அதில் தடுப்பூசிக்குப் பதிந்தவர்களின் விவரங்களைக் காட்டும் டெலிகிராம் கணக்கு ஒன்று பற்றிய செய்தி வந்தது. கோவின் தரவுத்தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என்று அரசு மறுத்தது. எப்படிக் கசிந்தது என்பது ஒருபுறமிருக்க, எல்லோரும் அறிந்த ஒரு எண்ணைத் திறவுகோலாக வைப்பதன் ஆபத்து அதில் தெளிவாயிற்று.

குடும்பத்துக்குள் எண்ணைப் பகிர்வதற்கும் வேலை கொடுப்பவருடன் பகிர்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பரிசோதனை முடிவு பற்றிய குறுஞ்செய்தி மேஸ்திரிக்குப் போனால், அந்தப் பெண் வேலையையும் விடுதி இடத்தையும் சேர்த்தே இழக்க நேரலாம். ஒப்புதல் கேட்கும் செய்தியும் அதே கைப்பேசிக்கு வந்தால், ஒப்புதல் தருபவர் நோயாளியாக இருக்கமாட்டார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் தன்னிச்சையானதாக, விவரமறிந்து தந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. பிறர் கையில் உள்ள ஓடிபி அந்த நிபந்தனையை நிறைவு செய்யாது.

5. மாற்று வழி

கைப்பேசி வேண்டாம் என்பது இங்கே வாதமன்று. காலை நேரப் புறநோயாளிக் கூட்டத்தில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து டோக்கன் பெற அது பெரிதும் உதவுகிறது. மாத்திரை எடுக்க நினைவூட்டவும் வேண்டும். ஆனால் அதையே அடையாளமாக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் 10 இலக்க என்எச்எஸ் எண்ணே நோயாளியின் அடையாளம். தொலைபேசி எண் எப்போதும் மாற்றிக்கொள்ளக்கூடிய தொடர்பு விவரம். திருப்பூரிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஈஎஸ்ஐ காப்பீட்டு எண் 10 இலக்கம். கம்பெனி மாறினாலும் தொழிலாளி அதே எண்ணில் தொடர வேண்டும் என்பதே விதி. கைப்பேசி எண் மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை.

ஆகவே மூன்று மாற்றங்கள் தேவை. சிகிச்சை நாளிலேயே ஆபா எண்ணுடன் குறிப்பை இணைக்கும் முதல் வழியே புலம்பெயர் தொழிலாளருக்கு இயல்பான வழியாக வேண்டும். எண்ணை அச்சிட்ட அட்டையும் கையில் தர வேண்டும். பதிவு மேசையில் கைப்பேசி எண்ணைக் கேட்கும்போது, அது சொந்த எண்ணா, குடும்பத்தாருடையதா, பிறருடையதா என்று குறிக்க வேண்டும். பிறருடையது எனில் முடிவுகளும் ஒப்புதல் கோரிக்கையும் அந்த எண்ணுக்குப் போகக் கூடாது. பழைய எண்ணின் ஓடிபி இல்லாமலே, நேரில் வந்து ஆவணம் காட்டி எண்ணை மாற்றும் வசதி எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இருக்க வேண்டும்.

கோளாறு எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய பெரிய ஆய்வு தேவையில்லை. வெவ்வேறு முகவரியும் சொந்த ஊரும் உடைய பலர் ஒரே கைப்பேசி எண்ணில் பதிவாகியிருந்தால், அது பெரும்பாலும் மேஸ்திரி அல்லது விடுதிக் காப்பாளருடைய எண்ணாக இருக்கும். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கணினியிலிருந்தே இந்தப் பட்டியலை எடுக்க முடியும். எத்தனை ஆபா எண்கள் உருவாயின என்ற கணக்கோடு, அவற்றில் எத்தனை அந்தந்த நோயாளியின் சொந்தக் கைப்பேசியோடு இணைந்தவை என்ற கணக்கையும் தேசிய சுகாதார ஆணையம் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.