நிமிடங்களை மணியாக்குதல்

நிமிடங்களில் தரப்பட்ட கால அளவை மணியும் நிமிடமுமாகப் பிரித்துச் சொல்வதற்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். மொத்த நிமிடங்களை 60 ஆல் வகுத்தால் கிடைக்கும் ஈவு மணியைத் தரும். மிஞ்சும் மீதி நிமிடமாக நிற்கும்.

1972 இல் வெளிவந்த ‘தி காட்ஃபாதர்’ படத்தின் நீளம் 175 நிமிடம். 175 இல் 60 எத்தனை முறை அடங்கும்? இரண்டு முறை அடங்கினால் 120 ஆகிறது, மூன்றாவது முறைக்கு 180 வேண்டும், அது இல்லை. ஆகவே ஈவு 2. 175 இலிருந்து 120 ஐக் கழித்தால் மீதி 55. படம் 2 மணி 55 நிமிடம் ஓடும். சரிபார்க்க 2 ஐ 60 ஆல் பெருக்கி 55 ஐக் கூட்ட வேண்டும். மீண்டும் 175 வந்தால் கணக்கு சரி. மீதி 60 ஆகவோ அதற்கு மேலாகவோ வந்திருந்தால், உள்ளே இன்னும் ஒரு மணி நேரம் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்குக்குத் தேவை ஏற்பட்டதே இரண்டு எண்முறைகள் கலந்ததால்தான். நாம் எண்ணுவது பத்து பத்தாக. நிமிடங்கள் மணியாகச் சேர்வதோ அறுபது அறுபதாக. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் மெசபடோமியாவில் களிமண் பலகைகளில் கணக்கு எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்காது. அவர்களுடைய இடமதிப்பு அறுபதின் அடிப்படையில் அமைந்தது. 175 என்ற எண்ணை அவர்கள் எழுதினால் ஓரிடத்தில் 2, அடுத்த இடத்தில் 55 என்றுதான் ஆப்புக் குறிகள் விழும். எழுதும்போதே வகுத்தல் முடிந்துவிடும். ஆனால் இன்று நாம் சொல்லும் மணியும் நிமிடமும் அவர்களிடம் இல்லை. பகலிரவைச் சேர்த்து 12 பங்காக்கி, ஒவ்வொன்றையும் 30 சிறு பங்காக்கினார்கள்.

24 மணி என்ற பிரிவின் வேர் எகிப்தில் இருக்கிறது. அங்கே பகலுக்கு 12, இரவுக்கு 12 என்று பங்கு வைத்தார்கள். பாபிலோனிய அறுபதைக் கிரேக்க வானியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் தாலமி வட்டத்தின் பாகையை அறுபதாகவும், அதை மேலும் அறுபதாகவும் பிரித்துக் கணக்கிட்டார். லத்தீனில் அந்த முதற்பிரிவைச் ‘சிறு பகுதி’ என்ற பொருள்பட அழைத்ததிலிருந்தே மினிட் என்ற சொல் வந்தது. கி.பி. 1000 வாக்கில் அல்-பிரூனி மணி நேரத்தையும் இதே முறையில் அறுபதுகளாகப் பகுத்து எழுதியிருக்கிறார். ஆனால் சாதாரண மக்களுக்கு நிமிடம் வெகுகாலம் எட்டவில்லை. 1656 இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை அமைத்த பிறகே, நிமிட முள்ளை நம்பிப் பார்க்கும் அளவுக்குக் கடிகாரங்கள் துல்லியமாயின.

தமிழ்ப் பஞ்சாங்கத்திலும் அறுபது உண்டு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. 175 விநாழிகை என்றால் 2 நாழிகை 55 விநாழிகை. கணக்கு அப்படியே பொருந்துகிறது. நிமிடத்தை நாழிகையாக்க வேண்டுமானால் வகுக்கும் எண் மட்டும் மாறும், ஏனெனில் ஒரு நாழிகை 24 நிமிடம். 175 ஐ 24 ஆல் வகுக்க ஈவு 7, மீதி 7.

பத்தும் அறுபதும் கலப்பதையே ஒழித்துவிடலாம் என்று பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793 இல் முயன்றார்கள். நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம் என்று சட்டம் வந்தது. அந்தக் கடிகாரத்தில் 175 நிமிடம் என்பது 1 மணி 75 நிமிடம்; வகுக்கவே வேண்டாம், நூறாம் இடத்தைப் பிரித்துப் படித்தால் போதும். மக்கள் பழைய கடிகாரங்களை விடவில்லை. 1795 இல் கட்டாயம் நிறுத்தப்பட்டது.

அந்தப் பத்தின் பழக்கம் இன்று கால்குலேட்டரில் வேறு வடிவில் தடுக்கிவிடுகிறது. 175 ÷ 60 என்று அழுத்தினால் 2.9166 என்று வரும். இதை 2 மணி 91 நிமிடம் என்று படிப்பதுதான் தொடக்கக்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. 91 நிமிடம் இருக்க முடியாது என்பதால் இங்கே தவறு தானே தெரிந்துவிடும். 150 நிமிடத்துக்கு 2.5 வந்து, அதை 2 மணி 5 நிமிடம் என்று படித்தால் ஆபத்து அதிகம், பார்வைக்கு எதுவும் உறுத்தாது. புள்ளிக்குப் பின்னால் நிற்பது மணியின் பின்னம், 0.5 ஐ 60 ஆல் பெருக்கினால்தான் 30 நிமிடம் கிடைக்கும்.

கணினி மொழிகளில் ஈவுக்கும் மீதிக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. பைத்தானில் இப்படி எழுதுவார்கள்:

```
total = 175
print(total // 60, total % 60)
```

திரையில் `2 55` தோன்றும். ஒற்றைச் சாய்கோடு போட்டால் பழைய தசமப் புள்ளியே திரும்பி வரும். 125 நிமிடத்துக்கு இதே நிரல் `2 5` என்று காட்டும். கணக்கு சரிதான், ஆனால் அதைக் கடிகாரம் போல எழுதும்போது 2:5 என்று விட்டுவிடாமல், நடுவில் ஒரு சுழியம் சேர்த்து 2:05 என்று எழுத வேண்டும்.