யார் கணக்கில் எழுதுவது?

வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தை அடுத்திருக்கும் செல்லூர், கைத்தறிக்குப் பெயர் பெற்ற பகுதி. அங்குள்ள தேநீர்க்கடை ஒன்றில் நால்வர் சேர்ந்து தேநீர் பருகிவிட்டு எழும்போது ஒரு சிறு வழக்கு நிகழும். "நான் குடுக்கிறேன்" என்று ஒருவர் சட்டைப்பையில் கை விடுவார். "சும்மா இருங்கண்ணே, இது என் கணக்கு" என்று மற்றவர் அவர் கையைப் பிடிப்பார். கொடுத்தவர் கடைப்பையனிடம், "மீதியை நீயே வச்சுக்கப்பா" என்பார். இவ்விரு சொற்களும் நம் நாவில் தடையின்றி வருகின்றன. ஆனால் "ஆளுக்கு இவ்வளவு, பிரித்துக் கொடுப்போம்" என்பதற்கு மட்டும் நம்மிடம் நிலைத்த சொல் இல்லை. சொல்ல நேர்ந்தாலும் சற்றுத் தயங்கியே சொல்கிறோம்.

இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்துக் கொடுப்பதை ஆங்கிலத்தில் 'டச்சுக்காரர் விருந்து' என்பர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வழங்கத் தொடங்கிய தொடர் அது. துருக்கியர் அதையே 'அல்மான் உசூலு', அதாவது ஜெர்மானியர் முறை என்கின்றனர். எகிப்தியர் 'இங்கிலீஸி', ஆங்கிலேயர் வழக்கம் என்கின்றனர். ஒவ்வொரு சமுதாயமும் கணக்குப் பார்த்து உண்பதை இன்னொருவர் தலையில் ஏற்றி வைத்திருக்கிறது. விருந்து எமது, கணக்கு அயலாருடையது என்பது அதன் உட்பொருள்.

ஆனால் முஸ்லிம்களாகிய நாம் இந்தத் தயக்கத்தை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்த இயலாது. ஏனெனில் பிரித்துண்பதற்கு அரபியில் சொந்தச் சொல்லே உண்டு. அது 'நஹ்து'. பயணம் செல்வோர் ஒவ்வொருவரும் தம் பங்கைச் சமமாக எடுத்து வைத்து, அதை ஒன்றாகக் கலந்து செலவிடுவது நஹ்து எனப்படும்.

ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870) மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் 'கூட்டுரிமை' பற்றிய பகுதியை இந்த நஹ்தைக் கொண்டே தொடங்குகிறார்கள். ஒருவர் சிறிது கூடுதலாகவும் மற்றவர் சிறிது குறைவாகவும் உண்பதை முஸ்லிம்கள் குற்றமாகக் கருதவில்லை என்று தலைப்பிலேயே குறிப்பிடுகிறார்கள். வாணிபத்தில் உணவுக்கு உணவு மாற்றும்போது அளவு கூடினாலும் குறைந்தாலும் வட்டியாகி விடுமோ என்று அஞ்சுகிற மார்க்கம், ஒரே விரிப்பில் அமர்ந்து உண்போர் விஷயத்தில் அந்தத் தராசைக் கீழே வைத்துவிடச் சொல்கிறது. பங்கு சமம், உண்பதில் தாராளம். இதுவே நஹ்தின் சட்டம்.

அந்தப் பகுதியில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கடற்கரைப் பக்கம் அனுப்பப்பட்டனர். வழியிலேயே உணவு தீரத் தொடங்கியது. தலைவர், ஒவ்வொருவரிடமும் உள்ள கட்டுச்சோற்றையெல்லாம் ஒன்று சேர்க்கச் சொன்னார். சேர்ந்தது இரண்டு பை பேரீச்சம்பழம். அதிலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுக்கப்பட்டு, இறுதியில் ஆளுக்கு ஒரு பழம் என்றாயிற்று. ஒரு பழத்தால் என்ன பயன் என்று பின்னாளில் ஒருவர் கேட்டபோது, அந்த ஒன்றும் இல்லாமற் போனபின்தான் அதன் அருமை தெரிந்தது என்றார்கள் ஜாபிர் (ரலி). பிறகு கடற்கரையில் குன்று போன்ற மீன் ஒன்று கிடைத்ததும், படையினர் அதைப் பதினெட்டு நாள் உண்டதும் நாம் அறிந்தவை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. படையில் நிறைய வைத்திருந்தவரும் இருந்திருப்பர். ஒன்றும் இல்லாதவரும் இருந்திருப்பர். எல்லாம் ஒரு பைக்குள் வந்தபின், யார் கொடுத்தது எவ்வளவு என்ற கணக்கு மறைந்தது. வள்ளல் என்று ஒருவரும் எழவில்லை. உதவி பெற்றவர் என்று ஒருவரும் தலைகுனியவில்லை. அஷ்அரிக் குலத்தாரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டியதும் இதற்காகவே. உணவு குறைந்தால் அவர்கள் தம்மிடம் உள்ளதை ஒரு துணியில் குவித்து, ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்று பெருமானார் (ஸல்) கூறியதாக அபூ மூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். நம் கலியாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பதில் அந்தப் பாத்திரத்தின் சாயல் இன்றும் தெரிகிறது.

நஹ்துக்கு எல்லையும் உண்டு. மதீனாவில் பஞ்சம் நிலவிய ஓர் ஆண்டில் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்களுக்குப் பேரீச்சம்பழம் வழங்கினார்கள். உண்டு கொண்டிருந்தோரைக் கடந்து சென்ற இப்னு உமர் (ரலி) அவர்கள், உடனிருப்பவரின் அனுமதியின்றி இரண்டு பழங்களைச் சேர்த்து எடுக்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்று நினைவூட்டுவார்களாம். தெரியாமல் கூடுதலாக உண்பது வேறு. தெரிந்தே இரண்டாக அள்ளுவது வேறு. முன்னது மன்னிக்கப்படுகிறது, பின்னதற்கு இசைவு கேட்க வேண்டியிருக்கிறது.

இனி 'மீதியை வைத்துக்கொள்' என்ற சொல்லுக்கு வருவோம். ஜெர்மானியர் இந்தச் சிறுகாசைக் 'குடிப்பணம்' என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் 'குடிப்பதற்கு' என்கின்றனர். ரஷ்யர் 'தேநீருக்கு' என்கின்றனர். நாமும் "டீ குடிக்க வச்சுக்க" என்றும், "வெற்றிலை பாக்குக்கு ஆகட்டும்" என்றும் சொல்கிறோம். கூலியாகக் கொடுத்தால் வாங்குபவர் மனம் நோகக் கூடும் என்று, அக்காசுக்கு ஒரு பானத்தின் பெயரைச் சூட்டும் நாகரிகம் இது.

இதற்கு நாம் வழங்கும் மற்ற இரு சொற்களும் வந்தவழி பெரிது. 'பக்ஷீஸ்' பாரசீகச் சொல். கொடுத்தல், மன்னித்தல் என்ற இரு பொருளும் உடைய வினையிலிருந்து பிறந்தது. 'இனாம்' அரபுச் சொல்; அருள் புரிதல் என்பது அதன் பொருள். சூரத்துல் ஃபாத்திஹாவில் நாம் நாள்தோறும் ஓதும் 'அன்அம்த' என்பதும் இதே வினையே. நம் நாட்டில் இச்சொல் முதலில் நிலத்தைக் குறித்தது. வரி நீக்கி அரசர் வழங்கிய நிலம் இனாம் எனப்பட்டது. செல்லூரை அடுத்த கோரிப்பாளையம் தர்காவுக்கு முன்னரே அளிக்கப்பட்டிருந்த கிராமங்களை 1573இல் வீரப்ப நாயக்கர் உறுதி செய்தது அங்குள்ள கல்வெட்டால் தெரிகிறது. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தில் இத்தகைய நிலங்களை ஆராயத் தனி ஆணையமே அமைந்தது. 1963இல் வந்த ஒழிப்புச் சட்டங்களோடு இனாம் நிலமுறை முடிவுக்கு வந்தது. நிலம் போயிற்று, சொல் நின்றது. இன்று இனாம் என்றால் விலையின்றிக் கிடைப்பது என்று மட்டுமே பொருள். இறைவனின் அருளுக்கு உரிய சொல் அரசனின் ஓலைக்கு வந்து, அங்கிருந்து கடை மேசையின் சில்லறைக்கு இறங்கியிருக்கிறது.

மூன்றாவது சொல் 'என் கணக்கு'. அரபியில் இதற்கு 'அலைய்ய' என்பர். 'என்மீது' என்று பொருள். விருந்தில் வழங்கும் இச்சொல் மார்க்கத்தில் எத்தகைய கனமுடையது என்பதை ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கும் நபிமொழி காட்டுகிறது. ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டது. இறந்தவருக்கு மூன்று தீனார் கடன் இருந்தது; தீர்க்க எதுவும் அவர் விட்டுச் செல்லவில்லை. நீங்களே உங்கள் தோழருக்குத் தொழுவியுங்கள் என்றார்கள் நாயகம் (ஸல்). அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள், தொழுவியுங்கள், அவர் கடன் என்மீது என்றார்கள். பெருமானார் (ஸல்) தொழுவித்தார்கள். ஒரே சொல்லால் ஒருவரின் கடன் மற்றவர் தோளுக்கு மாறிற்று. அது வாய் உபசாரமன்று; பொறுப்பேற்பு.

மதுரை வட்டாரத்தில் 'என் கணக்கு' என்பதன் பின்னே இன்னொன்று நிற்கிறது. இங்கே கலியாணம், காதுகுத்து முதலியவற்றுக்குச் செய்வதைச் 'செய்முறை' என்பர். யார் எவ்வளவு செய்தார் என்று ஏட்டில் எழுதப்படும். அவர் வீட்டு விசேஷத்தில் அது குறையாமல் திரும்பும். தேநீர்க்கடையில் ஏடு இல்லை. ஆனால் நெஞ்சில் எழுதப்படுகிறது. இன்று நான், நாளை அவர் என்ற முறை அங்கே பேசப்படாமலே நடைபெறுகிறது. இருவர் கையும் சமமாக இருக்கும்வரை இது இன்பமே. ஆனால் நெய்த அளவுக்கே கூலி பெறும் தறிக்காரர் ஒருவருக்குப் பாவு கிடைக்காத வாரம் வரும். மூன்று முறை அவருக்காக மற்றவர் கொடுத்துவிட்டால், நான்காம் முறை அவர் கடைப்பக்கமே வருவதில்லை. "வேலை இருக்கு" என்று விலகிப் போவார். விருந்தோம்பல் அவரை விரட்டிவிடுகிறது.

மூன்று சொற்களும் ஒன்று சேர்கிற கணக்கு ஒன்றைப் பார்ப்போம். செல்லூரிலிருந்து நால்வர் ஒரு நாள் வெளியூர் செல்கின்றனர் என்று கொள்வோம். ஆளுக்கு 50 ரூபாய் எடுத்து ஒருவர் கையில் தருகின்றனர், மொத்தம் 200. ஒருவர் 60 ரூபாய்க்கு உண்கிறார். மற்றவர் 35 ரூபாயோடு நிறுத்திக் கொள்கிறார். எஞ்சிய இருவரும் 46, 47 என்று உண்கின்றனர். செலவு 188. 60க்கு உண்டவரிடம் 10 ரூபாய் கேட்பது நஹ்தின் பண்பன்று. ஆனால் எஞ்சிய 12 ரூபாயைக் கையில் வைத்திருப்பவர், "மீதியை வச்சுக்கப்பா" என்று கடைப்பையனிடம் தாமாகச் சொல்லிவிடலாமா? அது நால்வரின் காசு. ஆளுக்கு 3 ரூபாயே ஆயினும், மற்ற மூவரையும் ஒரு சொல் கேட்டுக் கொடுப்பதே முறை. இரண்டு பழம் எடுக்கக் கேட்பதுபோல. நால்வரில் ஒருவரிடம் 50 இல்லாவிட்டால், புறப்படும் முன்பே, அவர் அறிந்தோ அறியாமலோ, இன்னொருவர் தம் பங்கோடு அவர் பங்கையும் சேர்த்துப் பைக்குள் இட்டுவிடலாம். கடை வாசலில் எல்லோர் காதிலும் விழ "என் கணக்கு" என்று சொல்ல வேண்டியதில்லை.

சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் உங்கள்மீது குற்றமில்லை என்று திருமறையின் 24ஆம் அத்தியாயம் 61ஆம் வசனம் கூறுகிறது. தனியே உண்பதைப் பாவமெனக் கருதி, உடன் உண்ண ஆள் வரும்வரை காத்துக் கிடந்த கினானா குலத்தாரைக் குறித்து விரிவுரையாளர்கள் இங்கே பேசுகின்றனர். விருந்து ஒரு கட்டாயமாக இறுகியபோது வேதமே அதைத் தளர்த்திக் கொடுத்தது. ஆதலால் நண்பரிடம் "ஆளுக்கு இவ்வளவு போடுவோம்" என்று கூறுவதற்கு நாம் கூச வேண்டியதில்லை. அதை டச்சுக்காரர் பெயரால் சொல்லவும் வேண்டியதில்லை. நஹ்து என்ற பெயர் நமக்கு முன்பே உண்டு.