சுவரேறிய வெளிச்சம்

பாபநாசத்தில் 1944இல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கே சுழலியைத் திருப்பிவிட்டு இறங்கும் தாமிரபரணித் தண்ணீர், சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரி வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கரண்டு வருவதற்கு முன்னால் இந்தக் கரையோர ஊர்களில் வெளிச்சம் சாமியோடு நடந்தது. தீவட்டி, பிறகு பெட்ரோமாக்ஸ். சாமி நகர்ந்ததும் சுவர் இருட்டிவிடும். கரண்டு வந்த பிறகுதான் கட்டடத்துக்கென்று ஒரு வெளிச்சம் நிலைத்தது.

முதலில் வந்தது சீரியல் செட். கோபுரத்தின் விளிம்பை அது அழகாக வரைந்து காட்டும், ஆனால் விளிம்புக்கு உள்ளே இருக்கும் சுதை வேலை முழுக்க இருட்டில் கிடக்கும். அடுத்து போகஸ் லைட். 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கைக் கம்பத்தில் கட்டிச் சுவரைப் பார்த்துத் திருப்பினார்கள். நடுச்சுவரில் வெள்ளைத் திட்டு விழுந்தது, ஓரங்கள் கறுத்தன, வாசலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குக் கண் கூசியது. இன்றும் பல கோயில்களில் அந்த இடத்திலேயே எல்.இ.டி. போகஸ் லைட் உட்கார்ந்திருக்கிறது. விளக்கு மாறியது, திட்டு மாறவில்லை.

சுவரைச் சீராக நனைக்கும் ‘வால் வாஷர்’ விளக்கு பிறந்தது வேறிடத்தில், வேறு வேலைக்காக. 1958இல் கட்டி முடிந்த நியூயார்க் சீக்ராம் கட்டடத்துக்கு ஒளியமைத்த ரிச்சர்ட் கெல்லி, கூரையிலிருந்து உள்சுவர்களின் மேல் ஒளியைச் சரியவிட்டு, சுவரே ஒளிர்வதுபோலக் காட்டினார். 1990களில் நீல எல்.இ.டி.யும் அதிலிருந்து வெள்ளை எல்.இ.டி.யும் வந்த பிறகு, அந்த விளக்கு மெலிந்து நீண்டது. தலைகீழாகத் திரும்பி, கட்டடத்தின் காலடிக்கு வந்து சேர்ந்தது.

காலடிக்கு வந்ததும் அதற்கு ஒரு சங்கடம். சீவலப்பேரி போன்ற ஓர் ஊரில் 9 மீட்டர் உயர முகப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஒளி வீசும் விளக்கைச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால், அடிச்சுவரில் விழும் ஒளி உச்சியில் விழுவதைப்போல ஏறக்குறைய 740 மடங்கு இருக்கும். மேலே போகப்போகத் தூரம் கூடுகிறது. அதோடு ஒளி சாய்வாக விழுந்து பரந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து உச்சியைப் பட்டினி போடுகின்றன. அதே விளக்கை 3 மீட்டர் தள்ளி வைத்தால் 740 என்பது 32 ஆக இறங்கிவிடும். வாட்டைக் கூட்டினால் இந்த விகிதம் அசையாது. தள்ளி வைப்பதுதான் முதல் மருந்து.

மீதியை லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. ஒருபக்கம் சாய்ந்த லென்ஸ், அடிச்சுவரை நோக்கிப் போவதைப்போல எட்டு மடங்கு ஒளியை உச்சியை நோக்கி அனுப்பினால், 32 நாலாகச் சுருங்கும். அந்த நாலும் படிப்படியாகக் குறைந்தால் கண் அதைத் தேய்வாக உணராது, உயரமாகவே உணரும். கற்றையின் நடுவைச் சுவரின் முக்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே குறிவைப்பது நல்லது. அதற்கு மேலே ஏற்றினால் ஒளி சுவரைத் தாண்டி வானத்துக்குப் போய்விடும். இரண்டு விளக்குக்கு நடுவே உள்ள இடைவெளியும் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடிச்சுவரில் பிறைபிறையாக இருட்டு விழும். சரிபார்க்க, ஒவ்வொரு விளக்கையும் துணியால் மூடித் திறந்து பாருங்கள். எந்தத் திட்டு எந்த விளக்குடையது என்று உடனே தெரிந்துவிடும். கைப்பேசியில் ஒரு படமும் எடுக்கலாம். நிறம் வெளுத்துப்போன இடம்தான் திட்டு.

வெறும் சுவர் என்றால் வேலை இதோடு முடிந்தது. சுதைச் சிற்பம் இருக்கும் கோபுரத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நேர் கீழேயிருந்து ஒட்டி அடிக்கும் ஒளியில் மூக்கின் நிழல் நெற்றியில் ஏறும். தாடை பளிச்சென்று தெரியும், கண்குழி கறுத்துவிடும்; சாந்தமாகச் செய்த அம்மன் முகம்கூட மிரட்டும். சிற்பி பகல் வெயிலை, மேலிருந்து வரும் ஒளியை நினைத்துச் செய்த முகம் அது. அதனால் சிற்ப வரிசைக்கு விளக்கை இன்னும் தள்ளி, இரு ஓரங்களிலிருந்தும் கொடுப்பதையே நான் விரும்புவேன். ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போதுதான் முகத்துக்குத் திரட்சி வரும். கீழே கருங்கல், மேலே வண்ணச் சுதை என்றால் கல் ஒளியை விழுங்கும். அதற்குத் தனியாகக் கொஞ்சம் ஒளி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கோபுரம் அந்தரத்தில் மிதப்பதுபோலத் தெரியும்.

காலடிக்கு வந்த விளக்கின் பயணம் பெரும்பாலும் முடிவது தண்ணீரில்தான். தரையில் புதைக்கும் விளக்குக்கு ஐ.பி.67 என்று போட்டிருப்பார்கள்; 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் வந்ததுபோன்ற வெள்ளம் அரை மணியில் வடியாது. சாதாரண மழைக்குக்கூட, குழியின் அடியில் ஜல்லி போட்டு நீர் இறங்க வழிவிடாவிட்டால், சூடான விளக்கு அணைந்து ஆறும்போது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணாடிக்கு உட்புறம் மூடுபனி படர்வது அதற்கு முதல் அடையாளம். ஒளி சிதறி, கழித்துக்கட்டிய திட்டு திரும்பவும் அடிச்சுவரில் வந்துவிடும். ஆற்றோர ஊருக்கு நான் சொல்வது, புதைக்காமல் தரைக்கு மேலே சிறு திண்டு கட்டி அதில் விளக்கைப் பொருத்துங்கள்; டிரைவர் பெட்டியைச் சுவரில் உயரத்தில் மாட்டுங்கள்.