வர்த்தக அளவு குறைகிறது என்பதன் பொருள் என்ன? முக்கோணம், கொடி, பென்னன்ட் ஆகிய தொடர்ச்சி வடிவங்களும் நெய்வேலிப் பங்கும்

பங்கு விலை வரைபடங்களைப் படிக்கக் கற்றுத்தரும் நூல்கள் முக்கோணம், கொடி, பென்னன்ட் ஆகிய மூன்றையும் தொடர்ச்சி வடிவங்கள் என்று ஒரே அத்தியாயத்தில் வைக்கின்றன. விலை ஒரு திசையில் ஓடி, சற்று நின்று, மீண்டும் அதே திசையில் ஓடும்போது அந்த இடைநிறுத்தம் வரைபடத்தில் பெறும் உருவங்கள் இவை. வடிவம் உருவாகும்போது வர்த்தக அளவு குறைய வேண்டும், விலை வடிவத்தை விட்டு வெளியேறும் பிரேக்அவுட்டின்போது அது பெருக வேண்டும் என்ற விதியும் மூன்றுக்கும் பொதுவாகவே சொல்லப்படுகிறது. இந்தப் பொதுவிதி இரண்டு இடங்களில் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். முதலாவது, மூன்று வடிவங்களிலும் அளவு குறைவதற்கான காரணம் ஒன்றல்ல; எனவே எதனோடு ஒப்பிட்டு ‘குறைவு’ என்கிறோம் என்பதும் மாற வேண்டும். இரண்டாவது, பெரும்பகுதிப் பங்குகள் அரசிடம் இருக்கும் நிறுவனத்தில் வெறும் பங்கு எண்ணிக்கையைக் கொண்டு அளவை மதிப்பிடுவது ஆய்வையே பிழையாக்கும். இரண்டாவதற்குக் கடலூர் மாவட்டத்தின் என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கொடியும் பென்னன்ட்டும் கம்பம் இல்லாமல் பிறப்பதில்லை. கம்பம் என்பது சில நாட்களில், பெரும் வர்த்தக அளவோடு, ஏறக்குறைய செங்குத்தாக நிகழும் ஏற்றம் அல்லது இறக்கம். அதன் முடிவில் இலாபம் எடுப்போர் விற்கிறார்கள். தவறவிட்டவர்கள் சற்று இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். விற்பவர்கள் கம்பத்தின் அடியில் வாங்கிய சிலர் மட்டும் என்றால் விலை மெல்ல எதிர்த்திசையில் சரியும். வர்த்தகம் நாளுக்கு நாள் வற்றும். மேல்கோடும் கீழ்கோடும் இணையாக, போக்குக்கு எதிராகச் சாய்ந்திருந்தால் அது கொடி. இரு கோடுகளும் ஒன்றை நோக்கி ஒன்று குவிந்தால் பென்னன்ட். இரண்டிலும் அளவு குறைவதற்குக் காரணம், கம்பத்தை எழுப்பிய அவசரம் தற்காலிகமாகத் தணிந்திருப்பதே. ஆகவே இங்கே ஒப்பீட்டு அளவுகோல் கம்பத்தின் வர்த்தக அளவு. கம்பத்துக்கு முந்தைய மந்தமான மாதங்களின் சராசரியோடு ஒப்பிட்டால், நல்ல கொடியிலும் அளவு கூடியிருப்பது போலத் தோன்றலாம்.

முக்கோணத்துக்குக் கம்பம் தேவையில்லை. வாங்குவோரும் விற்போரும் பல வாரங்கள் இழுபறியில் இருந்து, ஒவ்வொரு உச்சமும் முந்தையதைவிடத் தாழ்ந்தும், ஒவ்வொரு தாழ்வும் முந்தையதைவிட உயர்ந்தும் அமையும்போது சமச்சீர் முக்கோணம் உருவாகிறது. அளவு குறைவது களைப்பால் அல்ல. விலை எங்கே நிற்க வேண்டும் என்ற கருத்து வேறுபாடு சுருங்குவதால். எனவே முக்கோணத்தின் அளவை அதன் தொடக்க வாரங்களோடு, அதாவது அதனோடேயே, ஒப்பிட வேண்டும். இழுபறி எப்படி முடியும் என்பது உள்ளிருந்து தெரியாது என்பதால் தொடர்ச்சி வடிவம் என்ற பெயரும் முக்கோணத்துக்குச் சற்றுத் தளர்வாகவே பொருந்துகிறது. 1948இல் வெளிவந்த எட்வர்ட்ஸ், மெகீ ஆகியோரின் செவ்வியல் நூலே சமச்சீர் முக்கோணங்களில் தோராயமாக நான்கில் மூன்றுதான் பழைய திசையில் தொடர்கின்றன என்று மதிப்பிட்டது. உடைப்பு நிகழும்வரை முக்கோணம் ஒரு கேள்வியே. கொடியோ கம்பம் எழும்போதே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

பென்னன்ட்டையும் முக்கோணத்தையும் கண்ணால் பிரிப்பது கடினம். இரண்டும் குவியும் கோடுகள்தாம். காலமும் கம்பமும்தான் பிரிக்கின்றன. எட்வர்ட்ஸும் மெகீயும் கொடிக்கும் பென்னன்ட்டுக்கும் நான்கு வாரம் என்று எல்லை வைத்தார்கள். பின்னாளில் பல்லாயிரம் வரைபடங்களைத் தொகுத்த தாமஸ் புல்கோவ்ஸ்கி அதை மூன்று வாரமாகச் சுருக்கினார். அந்த எல்லையைத் தாண்டிக் குவிந்துகொண்டே போகும் ஒன்றைக் கம்பம் இருக்கிறதே என்று பென்னன்ட் ஆக்கக் கூடாது. அவசரம் தணிந்து இழுபறி தொடங்கிவிட்டது.

இந்த வேறுபாடு இலக்குக் கணக்கிலும் பிரதிபலிக்கிறது. பின்வருபவை விளக்கத்துக்கான எண்கள். எந்தப் பங்கின் உண்மை விலையும் அல்ல. ஒரு பங்கு 100 ரூபாயிலிருந்து 130க்கு 8 நாட்களில் ஏறுகிறது. நாள் சராசரி 60 லட்சம் பங்குகள். அடுத்த 7 நாட்களில் 124 வரை சாய்கிறது. அளவு 30 லட்சத்திலிருந்து 15 லட்சமாக வற்றுகிறது. பின்பு ஒருநாள் 55 லட்சத்தோடு சாய்ந்த மேல்கோட்டை 126இல் கடக்கிறது. கம்பத்தின் நீளம் 30. அதை 126உடன் கூட்டினால் 156. கொடி பயணத்தின் நடுவில் பறக்கிறது என்ற கருதுகோள்தான் இந்தக் கணக்கு.

அதே 130இல் முக்கோணம் தொடங்கியிருந்தால் கணக்கு வேறு. மேல்கோடு 130இலிருந்து வாரம் 1 ரூபாய் இறங்குகிறது. கீழ்கோடு 108இலிருந்து வாரம் 1.33 ரூபாய் ஏறுகிறது. தொடக்க அகலம் 22, வாரத்துக்கு 2.33 சுருங்குவதால் கோடுகள் சுமார் 9.4 வாரத்தில் சந்திக்கும். தகுதியான உடைப்பு முனைக்குச் செல்லும் பயணத்தின் பாதிக்கும் முக்காலுக்கும் இடையே, அதாவது சுமார் 4.7 முதல் 7.1 வாரத்துக்குள், வர வேண்டும் என்பது மரபு. ஆறாம் வாரத்தில் 124இல் உடைந்தால் இலக்கு 124உடன் 22 கூட்டி 146. எட்டரை வாரம்வரை உள்ளேயே நெளிந்து முனையருகில் சோம்பலாக வெளியேறினால், அளவு எவ்வளவு அழகாக வற்றியிருந்தாலும் அந்த உடைப்பை நம்ப வேண்டாம். அங்கே கோடுகளே அர்த்தமிழந்துவிட்டன.

மேல்நோக்கிய உடைப்புக்கு அளவு கட்டாயம், கீழ்நோக்கியதற்குக் கட்டாயமில்லை என்ற விதி மூன்றுக்கும் பொருந்துகிறது. விலையை உயர்த்தப் புதிய பணம் வர வேண்டும். வாங்குவோர் விலகினாலே விலை இறங்கிவிடும். இந்த விதியை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ‘அளவு’ என்று எதை எண்ணுகிறோம்?

என்.எல்.சி. பங்கில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. 2013 ஆகஸ்டுக்கு முன் அதன் பங்குகளில் 93.56 விழுக்காடு மத்திய அரசிடம் இருந்தது. பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 விழுக்காடாவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற அன்றைய செபி விதியை நிறைவேற்ற 3.56 விழுக்காடு விற்கப்பட்டது. தொழிலாளர் எதிர்ப்பும் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் முன்மொழிவும் சேர்ந்து, அந்தப் பங்குகளைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கின. ஏட்டில் பொதுப் பங்கு 6.44இலிருந்து 10 விழுக்காடாக உயர்ந்தது. சந்தையில் கைமாறத் தயாரான பங்குகளோ கூடவில்லை. ‘பொதுப் பங்கு உயர்ந்தது, எனவே பழைய அளவு சராசரிகளைத் திருத்த வேண்டும்’ என்று 2013ஐ அணுகும் ஆய்வாளர் தவறான திருத்தத்தைச் செய்வார்.

2024இல் நிலைமை நேர்மாறு. இரண்டு முறை பங்குகளைத் திரும்ப வாங்கியபின் நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் சுமார் 138.66 கோடி. அரசிடம் 79.2 விழுக்காடு. அந்த ஆண்டு மார்ச் 7ஆம் தேதி, பங்குக்கு 212 ரூபாய் தரைவிலையில், அரசு விற்பனையைத் தொடங்கியது. அதன் முடிவில் அரசுப் பங்கு 72.2 விழுக்காடானது. அரசுக்கு வெளியே இருந்த பங்குகள் சுமார் 28.8 கோடியிலிருந்து 38.5 கோடியாகின: மூன்றில் ஒரு பங்கு உயர்வு. இம்முறை வாங்கியவர்கள் சந்தையில் மீண்டும் விற்கக்கூடியவர்கள்.

வடிவத்தைப் படிப்பவருக்கு இதன் விளைவு நேரடியானது. ஒருநாள் 40 லட்சம் பங்குகள் கைமாறின என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு முன் அது அரசுக்கு வெளியே உள்ள பங்குகளில் 1.39 விழுக்காடு, பின்பு 1.04 விழுக்காடு. பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஒரு முக்கோணத்தில் வர்த்தக எண்ணிக்கை மாறாமல் நின்றால், மேலோட்டமாகப் பார்ப்பவர் ‘அளவு வற்றவில்லை, வடிவம் தகுதியற்றது’ என்பார். அந்த விழுக்காடாகிய சுழற்சி விகிதமோ கால்பங்கு குறைந்திருக்கும். மாறாக, ஏப்ரலில் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடி ஒரு பிரேக்அவுட் வந்தால், அதை உற்சாகம் என்று எழுதக் கூடாது. அதே விகிதத்தில் பங்குகள் கைமாறியதன் எண்ணிக்கை அது.

இன்னொரு கண்ணியும் உண்டு. அரசு விற்பனைக்குச் சந்தையில் தனிச் சாளரம் உண்டு. அது நடக்கும் நாட்களில் வழக்கமான சந்தையிலும் வர்த்தகம் பெருகும். கையிலுள்ள பங்கைச் சந்தை விலைக்கு விற்றுவிட்டுத் தரைவிலைக்கு அருகே சாளரத்தில் வாங்க முனைவோர் இருப்பதால் விலை தரைவிலையை நோக்கி இழுக்கப்படுகிறது. வரைபடத்தில் இது பெரும் அளவோடு இறங்கிய கம்பமாகத் தெரியும். அதன்பின் வரும் குறுகிய வற்றலைக் கரடிக் கொடி என்று படித்து, மேலும் அதே நீளம் இறங்கும் என்று கணக்கிடுவது பிழை. கொடியின் தர்க்கம் கம்பத்தை அவசரம் எழுப்பியது என்பதில் நிற்கிறது. இங்கே கம்பத்தின் அடி ஒரு நிர்வாக முடிவால் குறிக்கப்பட்ட எண். அவசரமே இல்லாத இடத்தில், அது தணிந்து மீளும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படையில்லை. இதைக் கண்டறிவது எளிது: கம்பம் எனக் கருதும் நாட்களின் தேதியை நிறுவனம் பங்குச்சந்தைக்கு அளித்த அறிவிப்புகளோடு ஒப்பிட்டால் போதும்.

வெறும் எண்ணிக்கை ஏமாற்றும் என்பதால்தான் டெலிவரி அளவையும் பார்க்கச் சொல்கிறேன். தேசியப் பங்குச்சந்தை ஒவ்வொரு பங்குக்கும் மொத்த வர்த்தகத்தோடு டெலிவரியான பங்குகளின் எண்ணிக்கையையும் நாள்தோறும் வெளியிடுகிறது. அன்றே வாங்கி அன்றே விற்போரின் வர்த்தகம் அதில் வடிகட்டப்படுகிறது. பங்குகள் குறைவாகக் கைமாறும் நிறுவனத்தில் நாள்வணிகர் கூட்டம் ஒன்றே பிரேக்அவுட் போன்ற அளவை எழுப்பிவிடும். மொத்த அளவு மும்மடங்காகியும் டெலிவரி அசையாமல் இருந்தால், அந்த உடைப்பு மறுநாளே கோட்டுக்குள் திரும்பக்கூடும் என்று எதிர்பார்ப்பதே நேர்மை. டெலிவரியும் முழுமையான சான்று அல்ல. ஒரே நிதியின் பெரிய கொள்முதலும் அதை உயர்த்தும்.

உலக அளவிலான ஆய்வுகள் இந்தச் சிக்கலை அதிகம் தொடவில்லை. லோ, மமய்ஸ்கி, வாங் ஆகியோர் 2000இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, 1962 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்குகளில் பத்து வடிவங்களைச் சோதித்தது. முக்கோணம் அவற்றில் இருந்தது. அளவு கூடும், குறையும் போக்கும் தனியாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது. சில வடிவங்கள் கூடுதல் தகவல் தருகின்றன என்றார்கள். அதில் இலாபம் உண்டு என்று சொல்லவில்லை. கொடியும் பென்னன்ட்டும் அப்பட்டியலில் இல்லை. வில்லியம் லீயும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் காளைக் கொடியைச் சோதித்தது நியூயார்க் சந்தைக் குறியீட்டெண்ணில். குறியீட்டெண்ணில் ஒரே உரிமையாளரிடம் முடங்கிய பங்குகள் என்ற பிரச்சினையே எழாது. அம்முடிவுகளை நெய்வேலிக்கு அப்படியே கொண்டுவர வழியில்லை.

சிதம்பரத்திலும் கடலூரிலும் வணிகவியல் ஆய்வு செய்யும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். என்.எல்.சி. பங்கின் வடிவங்களை எடுத்தால், அளவுத் தரவை 2024 மார்ச் 7இல் இரண்டாக வெட்டி, இருபுறமும் சுழற்சி விகிதத்தைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். அந்தத் தேதியின் குறுக்கே ஒரே சராசரியை இழுத்து எழுதப்படும் முடிவை ஏற்பதற்கில்லை.