போர்ட் கட்டளை பிறந்த கதை

8085 நுண்செயலியை ஆய்வகக் கிட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு `D3` என்ற குறி மறக்காது. வெளியே இருக்கும் கருவிக்கு ஒரு பைட்டை அனுப்பும் `OUT` கட்டளையின் ஹெக்ஸ் எண் அது. சென்னைப் பொறியியல் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் அதைத் தட்டி விளக்குகளை எரியவிட்டும் சின்ன மோட்டார்களைச் சுழற்றியும் தேறினார்கள். அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் உருவான சக்தி செயலியில் அந்தக் கட்டளை கிடையாது. அதற்கு இணையான வேறொரு கட்டளையும் கிடையாது. அப்படியும் அது விளக்கை எரியவிடுகிறது, திரையில் எழுத்தைக் காட்டுகிறது.

`OUT` எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் 1970இல் டேட்டாபாயிண்ட் 2200 என்ற இயந்திரத்தை அறிவித்தது. அதன் கட்டளைத் தொகுப்பை வகுத்தவர்கள் விக்டர் புவர், ஹாரி பைல் இருவரும். அதன் முதல் வடிவத்தில் நினைவகம் நகர்வுப் பதிவேடுகளால் ஆனது. அதில் பிட்டுகள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வேண்டிய பைட் முகப்புக்கு வரும்வரை செயலி காத்திருக்க வேண்டும், சில சமயம் அரை மில்லி நொடி வரைகூட. விசைப்பலகையையோ டேப்பையோ நினைவகத்தின் ஒரு முகவரியில் உட்காரவைக்கத் தோதான அமைப்பல்ல அது. கருவிகளோடு பேச `INPUT` என்றும் `EX` என்றும் தனிக் கட்டளைகளை வைத்தார்கள்.

இந்தக் கட்டளைத் தொகுப்பை ஒரே சில்லில் அடக்கித் தரும் வேலை இன்டெலுக்குப் போனது. சில்லு வரத் தாமதமானதால் கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் அதில்லாமலே தன் இயந்திரத்தை விற்றது. இன்டெல் அந்தச் சில்லை 1972இல் 8008 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் உள்ளே வாங்க 8 போர்ட்டுகள், வெளியே அனுப்ப 24 போர்ட்டுகள். 24 என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றலாம். போர்ட் எண்ணுக்கு ஒரு பைட் கட்டளைக்குள் 5 பிட் இடம் இருந்தது. 32 எண்களில் 8 உள்வாங்கப் போக மிச்சம் 24. டேட்டாபாயிண்டின் `EX` கட்டளைகள் உட்கார்ந்திருந்த அதே இடம்தான் அது. 1974இல் வந்த 8080இல் போர்ட் எண்ணுக்கென்று முழு பைட் ஒதுக்கியதால் 256 போர்ட்டுகள் கிடைத்தன. அதன் வழி வந்ததுதான் 1976இன் 8085.

8085இல் A என்ற எழுத்தை ஒரு போர்ட்டுக்கு அனுப்புவது இப்படி:

```
MVI A, 41H
OUT 10H
```

மயிலாப்பூரில் ஒரு தெருவிலும் தி.நகரில் ஒரு தெருவிலும் கதவு எண் 10 இருப்பது போல, நினைவகத்திலும் 10 உண்டு, போர்ட்டிலும் 10 உண்டு. எந்தத் தெரு என்று சொல்வது 8085இன் ஒரே ஒரு பின். `OUT` ஓடும்போது அந்தப் பின் உயர்நிலைக்குப் போகும், நினைவகச் சில்லுகள் ஒதுங்கிக்கொள்ளும். 64 கிலோபைட் முகவரியில் ஒரு பைட்கூடக் கருவிகளுக்காக இழக்க வேண்டியதில்லை. முகவரி வெளியே 64 கிலோபைட்டோடு முடிந்துவிட்ட காலத்தில் இது பெரிய சலுகை. விலையும் உண்டு: போகிற பைட்டும் வருகிற பைட்டும் A பதிவேடு வழியாக மட்டுமே நடமாட வேண்டும். வந்ததைக் கூட்டவோ ஒப்பிடவோ நினைவகத்தில் வைக்கவோ ஒவ்வொன்றுக்கும் இன்னொரு கட்டளை வேண்டும்.

டேட்டாபாயிண்ட் அறிவிக்கப்பட்ட அதே 1970இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் பி.டி.பி.-11 எதிர்த்திசையில் போனது. கருவிகளுக்கென்று தனிக் கட்டளை இல்லை. முகவரி வெளியின் உச்சியில் 8 கிலோபைட்டைக் கருவிகளுக்கு விட்டுவிட்டார்கள். நினைவகத்தைத் தொடும் எல்லாக் கட்டளைகளும் கருவியையும் தொட்டன. மோட்டோரோலா 6800, 6502 போன்றவை இந்த வழியில் நடந்தன.

சக்தியும் இந்த வழிதான். பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு 2014இல் தொடங்கிய இந்தச் செயலித் திட்டம் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை எடுத்துக்கொண்டது. 32 அல்லது 64 பிட் முகவரி உள்ள இடத்தில் கருவிகளுக்குச் சில ஆயிரம் முகவரிகளைக் கொடுப்பது ஒரு இழப்பே அல்ல. கட்டளைக் குறிகளைச் சிக்கனமாக வைப்பதுதான் அங்கே முக்கியம். 2018இல் சக்தியின் ஒரு சில்லு சண்டிகரை ஒட்டிய அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் வார்க்கப்பட்டது. இன்னொன்று 22 நானோமீட்டரில் வார்க்கப்பட்டது, `OUT`ஐச் சில்லில் பதித்து உலகுக்குத் தந்த அதே இன்டெலின் ஆலையில்.

சக்தியில் அதே A எழுத்தை சீரியல் வழியாக அனுப்புவோம். முதல் சீரியல் கருவி உட்கார்ந்திருக்கும் முகவரி `0x11300`. அதிலிருந்து 4 தள்ளி அனுப்பும் பதிவேடு, 12 தள்ளி நிலைப் பதிவேடு.

```
      li   t0, 0x11300
      li   t1, 'A'
wait: lbu  t2, 12(t0)
      andi t2, t2, 2
      bnez t2, wait
      sw   t1, 4(t0)
```

நிலைப் பதிவேட்டில் 2 என்ற மதிப்புள்ள பிட் எரிந்தால் அனுப்பும் வரிசை நிரம்பியிருக்கிறது என்று பொருள். அது அணையும்வரை சுற்றிப் பார்த்துவிட்டு எழுத்தைப் போடுகிறோம். `lbu`, `sw` இரண்டும் சாதாரண நினைவகக் கட்டளைகள். இதையே சி மொழியில் ஒரு சுட்டியை வைத்து எழுதிவிடலாம், அசெம்பிளியைத் தொடவே வேண்டாம்.

சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. `OUT` முகவரியோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது: இது நினைவகம் அல்ல, கருவி; இதில் குறுக்குவழி எடுக்காதே. `sw` அதைச் சொல்வதில்லை. சுட்டிக்கு முன் `volatile` போட மறந்தால், கம்பைலர் நிலைப் பதிவேட்டை ஒரே ஒருமுறை படித்துவிட்டு, யாரும் அதை மாற்றவில்லையே என்று எண்ணிக்கொண்டு, பழைய மதிப்பையே வைத்துச் சுற்றும். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: `-O0` போட்டுத் தொகுத்தால் ஓடும், `-O2` போட்டால் உறைந்து நிற்கும். கேஷ் அடுத்த கண்ணி. கருவியின் முகவரி கேஷுக்குள் போய்விட்டால் எழுதியது சில்லுக்குள்ளேயே தங்கிவிடும், கருவிக்குப் போய்ச் சேராது. ஆகவே எந்தெந்த முகவரிப் பகுதி கருவிக்குரியது என்பதை வன்பொருளிலேயே வகுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

வரிசைதான் மூன்றாவது, கண்டுபிடிக்க மிகக் கடினமானதும் அதுவே. ஒரு பெட்டியளவு தகவலை நினைவகத்தில் எழுதிவிட்டு, "எடுத்துக்கொள்" என்று கருவியின் பதிவேட்டில் ஒரு பிட்டை ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வரிசை மாற்றி இயங்கக்கூடிய செயலியில் அந்தப் பிட் முந்திப் போய்விடலாம். கருவி பழைய தகவலைத் தூக்கிக்கொண்டு போகும். பத்துமுறை சரியாக ஓடி ஒருமுறை தவறும். இடையில் அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்தால் தவறுவது நின்றுவிடும். அந்த வரி எடுத்துக்கொள்ளும் நேரம்தான் பிழையை மறைக்கிறது.

இதற்கு ரிஸ்க்-ஃபைவில் மருந்து உண்டு:

```
fence w, o
```

இதற்கு முன்னே நினைவகத்தில் எழுதுபவை எல்லாம் முடிந்த பிறகுதான் பின்னே கருவியில் எழுதுவது நடக்கலாம் என்பது இதன் உத்தரவு. `fence` நான்கு எழுத்துகளை ஏற்கிறது. நினைவகத்தைப் படிக்க `r`, எழுத `w`. கருவியிலிருந்து வாங்க `i`, கருவிக்கு அனுப்ப `o`. `IN`, `OUT` இரண்டையும் வேண்டாமென்று வகுத்த கட்டளைத் தொகுப்பு, அவை சுமந்த வேறுபாட்டை மட்டும் இந்த இரண்டு எழுத்துகளில் வைத்துக்கொண்டிருக்கிறது. 8085இல் ஒரு பின் தானாகச் செய்த வேலையை, டிரைவர் எழுதுபவர் இப்போது சரியான வரியில் நினைவாக எழுத வேண்டியிருக்கிறது.