மக்னீசியம் சல்பேட்

எப்சம் உப்பு என்றும் அறியப்படும் உரம். இதில் மக்னீசியம் சுமார் 10 சதவீதம். சானமாவு, ஓசூர் பகுதித் தக்காளியில், காய் பிடிக்கும் பருவத்தில் அடி இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இது உதவும். சொட்டுநீரில் பொட்டாஷ் மிகுந்தால், மண்ணில் மக்னீசியம் இருந்தும் வேர் அதைக் குறைவாகவே எடுக்கும். அப்போது லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளிப்பது விரைந்த வழி. ஒரு வரிசையைத் தெளிக்காமல் விட்டு ஒப்பிட வேண்டும். பழைய மஞ்சள் முழுதும் மாறாது, புதிதாகப் பரவாமல் நின்றாலே பலன்.

மண்ணில் மக்னீசியமே குறைவு என்று பரிசோதனை காட்டினால்தான் மண்ணில் இடலாம். கொழுந்து மஞ்சளித்தால் பெரும்பாலும் இரும்புக் குறை. அங்கே இந்த உப்பு வீண். காயின் அடி கருகுவது கால்சியம் போதாமையால். அதற்கு இதை மண்ணில் கொட்டினால் கால்சியம் ஏறுவது மேலும் தடைப்படும். கால்சியம் நைட்ரேட்டுடன் ஒரே தொட்டியில் அடர்த்தியாகக் கரைத்தால் ஜிப்சம் படிந்து சொட்டுவாய்கள் அடைபடும்.