பெயர் மறைத்த பயனாளர் கதை (காணொளி வசனம்)

அறநிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் காணொளி வசனமாக மாற்றும்போது, பயனாளரின் அடையாளத்தை மறைத்து அவர் வாழ்வைச் சொல்லும் முறை இது. பேராக் தோட்டப்புறங்களில் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. தோட்டம் சிறியது; லயத்து வரிசை, கோயில், பிள்ளைகளின் எண்ணிக்கை, குரல் ஆகியவற்றை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எடுத்துக்காட்டாக, அறிக்கையில் இப்படி ஒரு வரி: "சுங்கை சிப்புட் தோட்டத்து விதவை, 52, மூன்று பிள்ளைகள், தையல் இயந்திரம் பெற்றார்." வசனத்தில் இது, "ஈப்போவுக்கு வடக்கே, பால்மரம் வெட்டிய கைகள் இப்போது பள்ளிச் சீருடை தைக்கின்றன" என்றாகும். வயதும் குடும்ப விவரமும் நீங்கின. 'பெற்றார்' போய் அவர் செய்யும் வேலை வந்தது. படத்தில் கைகளும் துணியும் போதும். வீட்டு முகப்பு, பள்ளிச் சின்னம் வேண்டாம். குரலை வேறொருவர் தரலாம்.

கதையில் பிள்ளைகள் வந்தால் சட்டத்தையும் பார்க்க வேண்டும்: பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் தொடர்பான செய்திகளில் அவர்களின் பெயர், முகவரி, பள்ளி, படம் வெளியிடுவதை மலேசியாவின் 2001 குழந்தைகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தடுக்கிறது.

ஒப்புதல் கையெழுத்தோடு முடிவதில்லை. வசனத்தைப் பயனாளருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். தோட்டத்தை அறிந்த ஒருவரிடமும் காட்டுங்கள். "இது யாரென்று தெரிகிறது" என்றால், திருத்தாமல் படமெடுக்காதீர்கள்.